கலாவூன் மருத்துவமனைக்கு வருடாவருடம் பணம் எங்கிருந்து வந்தது?

கருவேலன்

கெய்ரோவின் பழைய நகரத்தில் முயிஸ் தெரு என்று ஒன்று இருக்கிறது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-85இல் கட்டிய மருத்துவமனை, மதரஸா, அவருடைய அடக்கத்தலம் மூன்றும் அங்கே ஒரே வளாகத்தில் இருந்தன. அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏழை, பணக்காரர், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று எழுதியிருக்கிறார்கள். 1326இல் அங்கே போன பயணி இப்னு பதூதா, அதை வர்ணிக்க முடியாது என்கிறார்.

என் சந்தேகம் இதுதான். கட்டுவது ஒரு தடவைச் செலவு. மருந்து, சாப்பாடு, வைத்தியர் சம்பளம், துணி துவைப்பது எல்லாம் தினசரிச் செலவு. கலாவூன் 1290இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் அந்த இடம் நூற்றுக்கணக்கான வருடங்கள் ஓடியிருக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சைவாசி

இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு சொத்தை நல்ல காரியத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைப்பது வக்ஃபு; அப்படிச் செய்துவிட்டால் அது அல்லாஹ்வின் சொத்து. விற்க முடியாது, வாரிசுகள் பங்கு போட முடியாது, அடமானம் வைக்க முடியாது. அதனால் கட்டடம் நிலைத்தது. தினச்செலவுக்குக் கட்டாயத் தர்மமான ஜகாத் பணம் வந்திருக்கும். பற்றாக்குறையை சுல்தானுடைய கஜானா ஈடுகட்டியிருக்கும். நம் கோயில்களுக்கு மன்னர்கள் கொடுத்த மாதிரிதான்.

ஏட்டுக்கட்டு

தஞ்சைவாசி சொன்னதில் முதல் பாதி சரி. ஜகாத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜகாத் யாருக்குப் போக வேண்டும் என்பது குர்ஆனிலேயே வரையறுக்கப்பட்டது, அதை வைத்து வைத்தியருக்கு மாதச் சம்பளம் போட முடியாது. கஜானாவையும் நம்பியிருக்கவில்லை. கஜானாவை நம்பியிருந்தால் அடுத்த சுல்தான் வந்ததும் மருத்துவமனை மூடியிருக்கும். மம்லூக்குகளிடம் அடுத்த சுல்தான் என்பவர் பல தடவை முந்தையவரைக் கொன்றுவிட்டு வந்தவர்.

நீடித்து ஓடும் வக்ஃபில் இரண்டு வகைச் சொத்து உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செலவு செய்யும் சொத்து: மருத்துவமனை, மதரஸா, அடக்கத்தலம். இன்னொன்று சம்பாதிக்கும் சொத்து: கடை, குளியலகம், விளைநிலம். இரண்டையும் ஒரே பத்திரத்தில் கட்டிப்போடுவதுதான் இதன் உயிர். வெறும் கட்டடத்தை மட்டும் எழுதிவைத்த வக்ஃபுகள் சீக்கிரமே இடிந்து போயின. இந்த யோசனை நபித்தோழர் உமர் காலத்திலேயே இருக்கிறது. கைபரில் அவருக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய் என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ்.

கலாவூன் எழுதிவைத்தவை கெய்ரோவில் வணிக வளாகங்கள், கடைகள், குளியலகங்கள், மாடிவீட்டுக் குடியிருப்புகள். எகிப்துக்கு வெளியேயும் சொத்துகள் இருந்தன. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் திர்ஹம் வந்ததாக மக்ரீஸி எழுதுகிறார். மக்ரீஸி 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவைத் தெருத்தெருவாக எழுதிவைத்த வரலாற்றாசிரியர். கட்டடத்தோடு அதன் வருமானத்தையும் சேர்த்து விசாரிப்பார்.

ஆகவே கருவேலன், உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: பணத்தைக் கொடுத்தவர்கள் வாடகைக்காரர்களும் குத்தகைக்காரர்களும். முயிஸ் தெருப் பக்கம் ஒரு வியாபாரி துணிக்கடைக்குக் கொடுத்த வாடகையில் பக்கத்தில் ஒரு நோயாளிக்குக் கஞ்சி போயிற்று.

செவிலி_ராணி

நான் அரசு மருத்துவமனையில் வார்டு பார்க்கிறவள். பணம் வந்த வழி புரிகிறது. உள்ளே உண்மையில் என்ன செய்தார்கள்? இலவசம் என்று போர்டு மாட்டுவது சுலபம். படுக்கை உண்டா, ராத்திரியில் வைத்தியர் இருப்பாரா, பெண்களுக்குத் தனி இடம் உண்டா?

ஏட்டுக்கட்டு

ராணி அக்கா, பத்திரத்திலேயே இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. காய்ச்சல்காரர்களுக்கு ஒரு பக்கம், கண் நோய்க்கு ஒரு கூடம், காயம்பட்டவர்களுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று. வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் ஓடும்படி செய்திருந்தார்கள். கட்டில், மெத்தை, தலையணை வாங்க வக்ஃபுப் பணம். வெயில் காலத்தில் விசிற ஓலை விசிறி வாங்கவும் அதே பணம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சாப்பாடு பற்றிய பகுதி. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம் கொடுக்க வேண்டும், ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, உணவை மூடித்தான் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வைத்தியர்கள் முறைவைத்து இரவு தங்க வேண்டும். தலைமை வைத்தியர் உட்கார்ந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வர முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் ஏழைக்கு மருந்தும் உணவும் வீட்டுக்கே போகும். இறந்துபோனால் குளிப்பாட்டுவது, கஃபன் துணி, அடக்கம் எல்லாம் வக்ஃபுச் செலவு.

இது ஏட்டில் மட்டும் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நுவைரி என்று ஓர் எழுத்தர், பெரிய கலைக்களஞ்சியம் எழுதியவர், 1300களின் தொடக்கத்தில் இந்த மருத்துவமனையின் நிர்வாகத்திலேயே வேலை பார்த்தார். சர்க்கரைப் பாகில் செய்த மருந்துகள் மட்டும் நாள்தோறும் எவ்வளவு போயின என்று அவர் எடைக் கணக்கில் எழுதுகிறார். உள்ளே தங்காமல் மருந்து மட்டும் வாங்கிப் போனவர்கள் தனி. அவர் கணக்கு பார்த்த ஆள், கவிஞர் மாதிரி மிகைப்படுத்த அவருக்குக் காரணம் இல்லை.

செவிலி_ராணி

தனிப் பாத்திரம், மூடிய உணவு. இதை எழுதச் சொன்னவர் வார்டுக்குள் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர் வைத்தியரா?

ஏட்டுக்கட்டு

பத்திரத்தை எழுதுபவர்கள் காஜி என்ற நீதிபதியின் மன்றத்து எழுத்தர்கள். கலாவூனுக்கு ஒரு சொந்த அனுபவம் இருந்தது. அவர் வெறும் அமீராக, அதாவது படைத்தலைவராக இருந்தபோது டமாஸ்கஸில் கடுமையான வயிற்றுவலியில் விழுந்தார். அங்கே நூருத்தீன் 1154இல் கட்டிய மருத்துவமனையிலிருந்து மருந்து வந்து குணமானார். ஆட்சி கிடைத்தால் இதே மாதிரி ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார் என்பது வரலாறு. திறப்பு நாளில் அங்கே ஒரு கோப்பை பானம் குடித்துவிட்டு, இதை எனக்குச் சமமானவர்களுக்கும் எனக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வக்ஃபு செய்கிறேன் என்று சொன்னாராம். அரசனும் அடிமையும், பெரியவரும் சிறியவரும், ஆணும் பெண்ணும் என்று வரிசையாக.

மேலத்தெரு_கடை

எல்லாருக்கும் சலாம். நல்ல இழை. எனக்கு ஒரு அவசரக் கேள்வி. எங்கள் கடை பள்ளிவாசல் வக்ஃபு இடத்தில் இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து வாடகை. இப்போது புதுக் கமிட்டி வந்து சந்தை வாடகைக்கு ஏற்றச் சொல்கிறார்கள். ஒரே தடவையில் இப்படி ஏற்ற வக்ஃபு சட்டத்தில் இடம் உண்டா? யாரை அணுகுவது?

நெறியாளர்

கடைக்கார அண்ணே, இந்த இழை இடைக்கால வரலாறு பற்றியது. இன்றைய சட்ட ஆலோசனைக்குத் தனி இழை திறந்து கேளுங்கள், அதுவும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்த பிறகு. இன்றைய வக்ஃபு சட்டத் திருத்தம் பற்றிய சண்டையை இங்கே யாரும் தொடங்க வேண்டாம்.

ஏட்டுக்கட்டு

சட்ட ஆலோசனை என்னால் சொல்ல முடியாது பாய். ஆனால் உங்கள் கேள்வி வரலாற்றுக்கு வெளியே இல்லை. உங்கள் கடை மாதிரிக் கடைகள்தான் கெய்ரோ வக்ஃபுகளின் ஆணிவேர், பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

மம்லூக் காலத்துப் பத்திரங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிபந்தனை, சொத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது என்பது. ஒரு குத்தகை முடியும் முன்பே அடுத்ததை எழுதக் கூடாது என்றும் சேர்ப்பார்கள். நீண்ட காலம் இருந்துவிட்டால் வாடகைக்காரர் அதைத் தன் சொத்து என்று நினைக்க ஆரம்பிப்பார், நாளைக்குச் சாட்சியும் கொண்டுவருவார் என்ற பயம். இன்னொன்று, வாடகை அந்த வட்டாரத்தில் அதே மாதிரிச் சொத்துக்கு என்ன வாடகையோ அதற்குக் குறையக் கூடாது. குறைத்து விட்டால் வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி பொறுப்பு. அங்கே அவருக்கு நாழிர் என்று பெயர்.

நடைமுறையில் என்ன ஆனது தெரியுமா? கடை இடிந்து கிடக்கும், வக்ஃபில் பழுது பார்க்கப் பணம் இருக்காது. ஒருவர் வந்து, நான் என் காசில் கட்டிக்கொள்கிறேன், எனக்கு நீண்ட காலத்துக்குக் குறைந்த தரைவாடகைக்குக் கொடுங்கள் என்பார். வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள். தரை வக்ஃபுடையது, மேலே கட்டடம் அவருடையது. ஒரு தலைமுறை போனதும் தரைவாடகை பெயரளவுக்கு ஆகிவிடும். கட்டடக்காரர் அதை மகனுக்கு விட்டுப்போவார், இன்னொருவருக்கு விற்பார்.

மேலத்தெரு_கடை

எங்கள் கடையும் அப்படித்தான். கூரை தாத்தா போட்டது. தரை பள்ளிவாசலுடையது. எங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்கிறீர்களா?

ஏட்டுக்கட்டு

இல்லை பாய். அன்றைக்கு அந்தக் கூரை போடப்படாமல் இருந்தால் பள்ளிவாசலுக்கு ஒரு காசும் வந்திருக்காது. அந்தக் காலத்துக் காஜிகளே இதில் ஒத்துப்போகவில்லை.

ஆடிட்டர்_மணி

கணக்குப் பார்க்கிறவனாக ஒரு கேள்வி. வருமானம் எல்லா வருடமும் ஒரே மாதிரி வராது. குறைந்தால் யாருக்கு முதலில் கொடுப்பார்கள்? நானே ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்த்தேன், எண்கள் வெறும் உதாரணம்தான். ஒரு சிறிய மதரஸா வக்ஃபுக்கு வருடம் 12,000 திர்ஹம் வருகிறது. ஆசிரியர், மாணவர், ஓதுவோர், வேலையாள் சம்பளம் எல்லாம் சேர்த்து 9,000. எண்ணெய், பாய், தண்ணீர் 1,000. மீதி 2,000இல் பழுது பார்ப்பார்கள். வருமானம் 8,000 ஆகிவிட்டால் சம்பளத்துக்கே போதாது, பழுது பார்ப்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சரிதானே?

ஏட்டுக்கட்டு

வரிசையைத் தலைகீழாக்குங்கள் மணி சார். பத்திரத்தில் பெரும்பாலும் முதல் செலவு பழுது பார்ப்பதுதான், அதுவும் சம்பாதிக்கும் சொத்துக்கு. கடையும் குளியலகமும் நின்றால்தான் அடுத்த வருடம் வருமானம். அப்புறம் மதரஸா கட்டடம். அப்புறம்தான் சம்பளங்கள்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். வருமானம் 8,000. கடைகளின் கூரைக்கும் குளியலகத்தின் கொதிகலனுக்கும் 2,000 போய்விட்டது. எண்ணெய், பாய், தண்ணீருக்கு 1,000. கையில் 5,000. சம்பளப் பட்டியலோ 9,000. இங்கே பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். சிலர், எல்லாருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப வெட்டு என்று எழுதியிருப்பார்கள். அப்படியானால் 9 திர்ஹம் வாங்குகிறவர் 5 வாங்குவார். சிலர், இமாமும் மோதினாரும் முதலில், மாணவர்கள் அப்புறம் என்று வரிசை வைத்திருப்பார்கள்.

நிர்வாகி சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பழுதுச் செலவைத்தான் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கூச்சல் போடுவார்கள். கூரை கூச்சல் போடாது. அதனால் பலவீனமான முத்தவல்லி கூரையைத் தள்ளிப்போட்டுச் சம்பளத்தைக் கொடுப்பார். சில வருடத்தில் கடை விழும், அப்புறம் சம்பளமும் நிற்கும். 1348இல் கொள்ளைநோய் வந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. கெய்ரோவில் வாடகைக்கு ஆள் இல்லை, கிராமத்தில் உழ ஆள் இல்லை.

ஆடிட்டர்_மணி

சரி, நாணயத்தின் மதிப்பு குறைந்தால்? சம்பளம் பத்திரத்தில் எண்ணாக எழுதியிருக்கிறதே. பத்திரத்தைத் திருத்தவும் முடியாது.

ஏட்டுக்கட்டு

அதுவும் நடந்தது. 1400களின் தொடக்கத்தில் நைல் வெள்ளம் குறைந்து பஞ்சம் வந்தது, கூடவே வெள்ளி திர்ஹம் மறைந்து செப்புக்காசு சந்தையை நிரப்பியது. மக்ரீஸி இதைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். நிலையான எண்ணிக்கையில் திர்ஹம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியர்களும் ஓதுவோரும் அதில் நொடிந்துபோனார்கள் என்கிறார்.

தானியமாக வாங்கியவர்கள் ஓரளவு தப்பினார்கள் என்பது என் கணிப்பு. ஸலாஹுத்தீன் 1170இல் மாலிக்கி மத்ஹபு என்ற சட்டப்பிரிவுக்காக ஒரு மதரஸா வைத்தார். அதன் வக்ஃபு நிலம் ஃபய்யூமில் இருந்தது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் அங்கிருந்து வந்த கோதுமையையே பங்கிட்டார்கள். கோதுமைக்கு அரபியில் கம்ஹ், அதனால் ஊரே அதைக் கம்ஹிய்யா என்று கூப்பிட்டது. கெய்ரோவுக்கு வந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1384இல் பாடம் சொல்ல அமர்த்தப்பட்டது அங்கேதான்.

தஞ்சைவாசி

இப்னு கல்தூன் பெயர் வந்துவிட்டதால் சொல்கிறேன். அவரே இந்த வக்ஃபுகளின் குட்டை உடைத்திருக்கிறார். மம்லூக் அமீர்கள் சொத்தைப் பிள்ளைகளுக்குக் காப்பாற்றத்தான் மதரஸா கட்டினார்கள். அப்படியானால் இதைத் தர்மம் என்று சொல்வதே பொருந்தாது. வரி ஏய்ப்பு மாதிரி ஒரு வேலை.

ஏட்டுக்கட்டு

அவர் சொன்னதை முழுதாகப் பார்க்க வேண்டும். மம்லூக் அமீர் என்பவர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமையாக வந்து வளர்ந்தவர். அவர் வீழ்ந்தாலோ இறந்தாலோ சுல்தான் சொத்தைப் பறிமுதல் செய்துவிடலாம், பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். அதனால் மதரஸாவும் ஸாவியா என்ற சூஃபி மடமும் கட்டி, நிறைய வருமானம் உள்ள வக்ஃபை எழுதிவைத்து, பிள்ளைகளை நிர்வாகியாகவோ பங்குதாரராகவோ போட்டார்கள் என்கிறார். நன்மையையும் நாடினார்கள் என்று சேர்த்தே எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. அதனால் வக்ஃபுகள் பெருகின, மாணவரும் ஆசிரியரும் பெருகினார்கள், இராக்கிலிருந்தும் மக்ரிபிலிருந்தும் கல்வி தேடி கெய்ரோவுக்கு வந்தார்கள் என்பதுதான் அவர் முடிவு.

பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம்தான் மதரஸாவுக்குக் காவலாகவும் இருந்தது. மதரஸாவின் செலவு போக மீதி வருமானம் என் மகனுக்கு என்று இருந்தால், அந்த மகன் வாடகையை விடாமல் வசூலிப்பான். எனக்குத் தோன்றுவது, கலப்பான நோக்கம்தான் இவற்றை இவ்வளவு காலம் ஓட வைத்தது.

தஞ்சைவாசி

மீதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. பத்தில் ஒன்று மதரஸாவுக்கு, ஒன்பது மகனுக்கு என்றால் அதைக் காவல் என்று எப்படிச் சொல்வது? பிந்திய சுல்தான்களின் வக்ஃபுகளில் மீதிதான் பெரும்பங்கு என்று படித்திருக்கிறேன்.

ஏட்டுக்கட்டு

கைத்பாய், கவ்ரீ காலத்தில் அப்படித்தான். அதை மறுக்கவில்லை. கலாவூன் மருத்துவமனையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அங்கே செலவே மிகப் பெரியது.

உங்கள் வாதத்தை அந்தக் காலத்திலேயே ஒருவர் எடுத்தார். பர்கூக் சுல்தான் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு, 1379 வாக்கில், காஜிகளையும் அறிஞர்களையும் கூட்டினார். அரசு நிலங்கள் ஒவ்வொன்றாக வக்ஃபாகிப் படைக்கு நிலமே இல்லை, இவற்றை ரத்து செய்யலாமா என்று கேட்டார். சிராஜுத்தீன் புல்கீனி என்ற ஷாஃபிஈ அறிஞர் எழுந்து, கல்விக்கும் மாணவருக்கும் மதரஸாவுக்கும் எழுதியதைத் தொட வழியே இல்லை, அரசு நிதியில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய உரிமை உண்டு என்றார். இன்னாள், இன்னாள் என்று வீட்டுப் பெண்கள் பெயரில் தந்திரமாக எழுதப்பட்டதை வேண்டுமானால் விசாரியுங்கள் என்றார். எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் கூட்டம் கலைந்தது.

கருவேலன்

ஒன்று இடறுகிறது. நான் படித்த இடத்தில், கலாவூன் மருத்துவமனையில் தொழவே சிலர் மறுத்தார்கள் என்று இருந்தது. இவ்வளவு நல்ல காரியத்துக்கு ஏன்?

நாகூரான்

கட்டிய விதம்தான் காரணம் தம்பி. அந்த இடத்தில் அய்யூபி அரச குடும்பத்து இளவரசி ஒருவரின் அரண்மனை இருந்தது. அவருக்கு வேறொரு மாளிகையைக் கொடுத்து அங்கிருந்து கிளப்பினார்கள். கட்டட வேலையைப் பார்த்த அமீர் ஸன்ஜர் ஷுஜாஈ தெருவில் போகிறவர்களைக்கூட நிறுத்திக் கல் சுமக்க வைத்தார், குதிரையில் போகிறவரையும் இறக்கினார். கைதிகளை வேலை வாங்கினார். ரோதா தீவுக் கோட்டையிலிருந்து தூண்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் வேலை முடிந்தது. பறித்த இடத்தில், கட்டாய உழைப்பில் எழுந்த கட்டடத்தில் தொழுகை கூடுமா என்று மார்க்கப் பேணுதல் உள்ளவர்கள் தயங்கினார்கள்.

ஏட்டுக்கட்டு

ஆமாம். மக்ரீஸி இதைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை அதற்கு முன்பு வைத்திருந்தவர்களும் பறித்தவர்கள்தான், திருடனிடமிருந்து திருடன் எடுத்தது என்கிறார். அந்தப் பதில் எனக்கு நிறைவாக இல்லை. இளவரசி போகட்டும், கல் சுமந்தவன் யாரிடமும் எதையும் பறிக்கவில்லையே.

செவிலி_ராணி

கல் சுமந்தவனுக்கு அப்புறம் அங்கேதான் வைத்தியமும் கிடைத்திருக்கும். அதனால் அது நியாயம் ஆகிவிடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆடிட்டர்_மணி

விற்க முடியாது என்கிறீர்கள். ஆனால் கெய்ரோவில் வக்ஃபுச் சொத்துகள் கைமாறியதாகவும் படிக்கிறோமே. எப்படி?

ஏட்டுக்கட்டு

இஸ்திப்தால் என்ற வழி. சொத்து இடிந்து பயனற்றுப் போனால் காஜி அனுமதியோடு அதைக் கொடுத்துவிட்டு, சமமான அல்லது மேலான இன்னொரு சொத்தை வாங்கி வக்ஃபில் சேர்க்கலாம். யோசனை நல்லது. ஷாஃபிஈ காஜிகள் இதற்குச் சுலபத்தில் இறங்க மாட்டார்கள், ஹனஃபிகளிடம் கொஞ்சம் இடம் உண்டு. சுல்தான் பைபர்ஸ் 1265இல் நான்கு மத்ஹபுக்கும் நான்கு தலைமைக் காஜிகளை வைத்ததால், ஒருவரிடம் முடியாததை இன்னொருவரிடம் போய் முடித்துக்கொள்ள வழி பிறந்தது.

இதை எல்லை மீறிப் பயன்படுத்தியவர் ஜமாலுத்தீன் யூசுஃப். 1400களின் தொடக்கத்தில் சுல்தான் ஃபரஜின் பெரிய அதிகாரி. அவர் செய்த முறையை மக்ரீஸி எழுதிவைத்திருக்கிறார். ஒரு நல்ல வக்ஃபுக் கட்டடம் கண்ணில் பட்டால், இரண்டு சாட்சிகளை அனுப்புவார். இந்தக் கட்டடத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழியில் போகிறவருக்கும் ஆபத்து, மாற்றிக்கொள்வதே வக்ஃபுக்கு நல்லது என்று அவர்கள் சொல்வார்கள். ஹனஃபி தலைமைக் காஜி இப்னுல் அதீம் தீர்ப்பு எழுதுவார். நிமிர்ந்து நிற்கும் மாளிகை ஜமாலுத்தீனுக்கு, அதற்குப் பதில் எங்கோ ஒரு நிலம் வக்ஃபுக்கு. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள்.

ஜமாலுத்தீன் தனக்கும் ஒரு மதரஸா கட்டினார். சுல்தான் அவரைக் கொன்றதும் அதை இடிக்க நினைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்து, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதன் இடமே முறையாக மாற்றப்படாத பழைய வக்ஃபு என்று காட்டி, முந்தைய வக்ஃபை ரத்தாக்கி, ஃபரஜ் பெயரில் புதிதாக எழுதினார்கள். கல்வெட்டில் ஜமாலுத்தீன் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். அடுத்த ஆட்சியில் அவருடைய ஆட்கள் செல்வாக்குப் பெற்றதும் மதரஸா பழையபடி அவர் பெயருக்கே திரும்பியது.

மேலத்தெரு_கடை

சாட்சி இரண்டு பேர் சொன்னால் போதுமா? கட்டடத்தைப் போய்ப் பார்க்க யாரும் இல்லையா?

ஏட்டுக்கட்டு

கட்டட நிபுணர்களை அனுப்பி அறிக்கை வாங்கும் வழக்கம் இருந்தது பாய். அந்த நிபுணரும் சம்பளம் வாங்குகிறவர்தானே. எதிரே நிற்பது சுல்தானின் ஆள்.

நாகூரான்

பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பேசிவிட்டீர்கள். அடக்கத்தலம் பற்றி யாரும் சொல்லவில்லை. கலாவூன் கப்ரு பக்கத்து ஜன்னல்கள் தெருவைப் பார்த்து இருக்கும். ஓதுவோர் முறைவைத்து இரவும் பகலும் குர்ஆன் ஓதுவார்கள், தெருவில் போகிறவர் காதில் விழும், இறந்தவருக்காக துஆ செய்வார். அந்த ஓதுவோருக்கும் அதே வக்ஃபிலிருந்துதான் சம்பளம். கூடவே அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு மக்தப். ஓதக் கற்பதோடு உணவும் உடையும்.

எங்கள் நாகூர் தர்காவையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். காலம் பிந்தியது என்பது தெரியும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் 18ஆம் நூற்றாண்டில் இங்கே மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தார், 131 அடி. அவருக்குப் பின் வந்த துளஜா கிராமங்களை மானியமாக விட்டார். இந்து மன்னர் கொடுத்த மானியம் வக்ஃபு ஆகுமா?

தஞ்சைவாசி

அது இனாம். வக்ஃபுக்கு எழுதுகிறவர் சொத்தின் முழு உரிமையாளராக இருக்க வேண்டும். மன்னர் விட்டுக்கொடுத்தது பல நேரம் நிலத்தை அல்ல, அதன் வரியைத்தான்.

ஏட்டுக்கட்டு

இந்தத் தடவை தஞ்சைவாசி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். மம்லூக் எகிப்திலும் அதே தகராறுதான். சுல்தான் அரசு நிலத்தை மதரஸாவுக்கு எழுதினால் அது உண்மையான வக்ஃபா, இல்லை அரசு வருமானத்தை ஒரு நல்ல காரியத்துக்கு ஒதுக்கியதா? ஒதுக்கியது என்றால் அடுத்த சுல்தான் திரும்ப எடுக்கலாம் என்று ஒரு கட்சி. அதனால்தான் அமீர்கள் முதலில் கஜானாவிலிருந்து நிலத்தைப் பத்திரம் போட்டு விலைக்கு வாங்கி, பிறகு வக்ஃபு எழுதினார்கள். உண்மையில் பணம் கைமாறியதா என்பதைத்தான் பர்கூக் கேட்டார். நாகூரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த மானியப் பத்திரங்களை நான் பார்த்ததில்லை. மாற்று மதத்தவர் வக்ஃபு செய்வது கூடும் என்பதில் ஹனஃபிகளிடம் நிபந்தனைகளோடு இடம் உண்டு.

ஆடிட்டர்_மணி

கடைசியாக ஒன்று. வருமானம் வரும் சொத்தை இப்படி நூற்றாண்டுக் கணக்கில் கட்டிப்போட்டால் பொருளாதாரத்துக்கு நல்லதா? தேவை மாறும். கலாவூன் காலத்து ஓதுவோர் பட்டியலுக்கு ஒதுக்கியதை, கொள்ளைநோய் வந்த வருடத்தில் வைத்தியருக்கு மாற்ற முடியவில்லை என்றால் அது குறைதானே?

ஏட்டுக்கட்டு

குறைதான். எழுதியவரின் நிபந்தனை சட்டவாக்கியம் மாதிரி என்பது ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டத்தின் விதி. அந்த இறுக்கத்தால்தான் ஃபரஜ் மாதிரி ஆட்கள்கூட நேராகப் பறிக்காமல் காஜியைத் தேட வேண்டியிருந்தது. இறுக்கத்தைத் தளர்த்திய இடத்தில் ஜமாலுத்தீன் நுழைந்தார். இரண்டில் எது குறைந்த கேடு என்று ஆய்வாளர்களும் அடித்துக்கொள்கிறார்கள்.

கருவேலன்

கலாவூன் மருத்துவமனை எப்போது நின்றது?

ஏட்டுக்கட்டு

ஒரே நாளில் நிற்கவில்லை. உஸ்மானியர் காலத்திலும் ஓடியது. 1798இல் நெப்போலியன் படையோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தபோது மிகவும் நலிந்து, கொஞ்சம் நோயாளிகளும் மனநோயாளிகளும் மட்டும் இருந்தார்கள். பிறகு எகிப்தை ஆண்ட முஹம்மது அலி வக்ஃபு நிலங்களில் பெரும்பகுதியை அரசுப் பிடிக்குள் கொண்டுவந்தார். 1952இல் குடும்ப வக்ஃபுகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. பழைய மருத்துவமனை வளாகத்தில் 20ஆம் நூற்றாண்டில் ஒரு கண் மருத்துவமனை வந்தது. மணி சார், நீங்கள் கேட்ட வெட்டு விதிகள் பத்திரத்துக்குப் பத்திரம் எப்படி மாறின என்று விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மேலத்தெரு_கடை

நான் தனி இழை திறந்துவிட்டேன். மூன்று வருடக் குத்தகை விஷயத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சொன்னால் எங்களுக்கே பாதகமாகுமோ என்றும் இருக்கிறது. தெரிந்தவர்கள் அங்கே வந்து பதில் போடுங்கள்.